கசண்டு



இந்தத் தீபத் திருநாள் இதழில் ஒரு சின்னக் கதை வருகிறது. ஆறே பக்கம். ஓர் ஆயா, ஒரு பூனை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சி போகிற சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதி அனுப்பியது. கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் எழுதி, நடுவில் நூல் கோத்துக் கட்டி அனுப்பியிருந்தார். இது அவருடைய முதல் கதை. எழுபதை நெருங்கும் வயது.

இதழில் நீங்கள் படிக்கப்போவது அவர் முதலில் அனுப்பிய கதை அல்ல. அது எப்படி மாறியது என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

முதலில் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பண்டிகை அன்றும் விடியுமுன் ஆயா எழுந்து அடுப்பு மூட்டுவார். பின்கட்டு வாசலில் சாம்பல் நிறத்தில் வரி போட்ட பூனை ஒன்று வந்து நிற்கும். மற்ற நாளில் எட்டிக்கூடப் பார்க்காது. பொங்கல், ஆடி, பிள்ளையார் சதுர்த்தி, தீபாவளி, தீபம் என்று நல்ல நாள் தவறாமல் வரும். ஆயா "வந்துட்டியாடி, தள்ளிக் குந்து" என்பார். பொரி உருண்டைக்குக் காய்ச்சிய வெல்லப் பாகில் ஒரு சொட்டு வைப்பார். பூனை நக்கிவிட்டுப் போய்விடும். இருபத்தைந்து வருடம் இப்படி வந்த பூனை ஒரு தீபத்தன்று வரவில்லை. அடுத்த மாதமே ஆயா காலமானார். தலைப்பு: 'விசுவாசம்'.

படித்ததும் மனசு கனத்தது உண்மை. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சில் எடுத்தேன். ஓரத்தில் ஒரே கேள்வியைத்தான் எழுதினேன்: பூனைக்கு நாள் எப்படித் தெரியும்?

பூனையிடம் பஞ்சாங்கம் இல்லை. தீபம் கார்த்திகையில் வரும், சதுர்த்தி ஆவணியில் வரும், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அப்படியிருக்க அந்த ஒரு காலை மட்டும் அது வந்து நிற்கிறது என்றால், அந்த அடுக்களையில் மற்றக் காலைகளில் நடக்காத ஏதோ ஒன்று அன்று நடந்திருக்கிறது. அது என்ன என்று கதை எழுதியவருக்கே தெரியவில்லை. தெரியாததால்தான் 'விசுவாசம்' என்று தலைப்பு வைத்துவிட்டார். விசுவாசம் என்ற சொல் அங்கே ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். "அம்மா, பண்டிகை அன்னிக்குக் காலையில் ஆயா என்னென்ன செய்வாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பால் காய்ச்சுவார்கள். பால் தினமும்தான் காயும், அதனால் அதை அடித்தேன். தேங்காய் உடைப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உடைப்பதுண்டு, அதையும் அடித்தேன். வடை சுடுவார்கள். அமாவாசைக்கும் வடை உண்டே, அன்று பூனை வருமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்ல சார். அமாவாசைக்குக் காக்காதான் வரும். பூனை வராது" என்றார். எண்ணெய் காய்கிற வாசனைக்கு அது வரவில்லை என்று தெரிந்தது. வெல்லப் பாகு காய்ச்சுவார்கள் என்றார். அதைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகம் இருந்ததால் அப்போதைக்கு அப்படியே விட்டேன்.

கடைசியில் போகிற போக்கில் சொன்னார்: "வெண்ணெ உருக்குவாங்க."

"அது தினமும் கிடையாதா?"

"ஐயோ, ஏது சார். வெண்ணெ எல்லாம் விக்கிறதுக்கு. தீபம், பொங்கல் வந்தாத்தான் வீட்டுக்குன்னு நிறுத்துவாங்க."

சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அந்த வீட்டில் ஒரு மாடு இருந்தது. தினமும் தயிர் கடைந்து எடுக்கிற வெண்ணெய் வாடிக்கைக்காரர்களுக்குப் போய்விடும், குடும்பச் செலவில் பாதி அதில் நடந்தது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆயா விற்பனையை நிறுத்துவார். அன்றன்று எடுக்கும் வெண்ணெயை உருட்டி, மண் கலயத்தில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிடுவார். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், ஒரு நாள் மறந்தாலும் வெண்ணெய் ஊசிவிடும். படையலுக்குப் புது நெய்தான் வேண்டும் என்பதில் ஆயா உறுதியாக இருந்ததால், உருக்குவது பண்டிகையன்று விடியுமுன்தான். தீபத்தன்று என்றால் அண்ணாமலையார் கோயிலில் பரணி தீபம் ஏற்றுகிற நான்கு மணிக்கே இங்கே அடுப்பு எரியும்.

வெண்ணெய் உருக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். அடிகனமான சட்டியில் வெண்ணெய் இளகி முதலில் வெள்ளையாக நுரைக்கும். பிறகு அதிலிருக்கிற மோரும் தண்ணீரும் காய்ந்து சடசடவென்று சத்தம் போடும். தீ அதிகமானால் அடி பிடிக்கும், அதனால் விறகை இழுத்துவிட்டு ஒரு கட்டையில் எரியவிடுவார்கள். சத்தம் மெல்ல மெல்லக் குறையும். முழுக்க அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னே இறக்கினால் நெய் நாளாக ஆக நாறும், அடங்கிய பிறகும் விட்டுவைத்தால் கருகிக் கசக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவிப் போட வேண்டும். அது பொரிந்து மொறுமொறு என்று ஆகும்போது எழும் வாசனை தெருக்கோடி வரை போகும். மனித மூக்குக்கே அப்படி என்றால், நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான பூனையின் மூக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நெய்யை வடித்தபின் சட்டியின் அடியில் பழுப்பாக மணல் மாதிரி கொஞ்சம் தங்கும். அதுதான் கசண்டு. ஒரு கிலோ வீட்டு வெண்ணெய் உருக்கினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் நெய் கிடைக்கும், கசண்டு இரண்டு மூன்று ஸ்பூன் தேறினால் பெரிது. சுடுசோற்றையும் உப்பையும் அந்தச் சட்டியிலேயே போட்டுப் புரட்டி, பொரிந்த முருங்கை இலையோடு பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். அதன் ருசி தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே நாவில் நீர் ஊறியிருக்கும்.

"அந்தக் கசண்டுலதான் சார் எனக்கும் பூனைக்கும் சண்டை" என்றார் அவர். கதையில் எங்குமே இல்லாத ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். இருப்பதோ இரண்டு மூன்று ஸ்பூன். அதில் முதலில் ஆள்காட்டி விரல் நுனியால் கொஞ்சம் வழித்துப் பின்வாசல் துவைகல்லின் ஓரத்தில் தடவிவிட்டுத்தான் ஆயா சோற்றைப் போடுவார். ஏழு வயதுப் பெண்ணாக அதை அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "எனக்கு வேணும்னு ஒருவாட்டி அந்தக் கல்லுலேர்ந்து வழிச்சித் தின்னுட்டேன். ஆயா அடிக்கல. 'அது காலைலேர்ந்து குந்தினு இருக்கு'ன்னு மட்டும் சொன்னாங்க." ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன். "அசிங்கமா இருந்தது சார்" என்றார். கதையின் உயிரே அதுதான் என்று சொன்னேன். இதழில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.

இனி வெல்லப் பாகு பற்றிய சந்தேகம். பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணர இரண்டு புரதங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்றுக்கான மரபணு எப்போதோ செயலிழந்துவிட்டது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005இல் இதைக் கண்டு சொன்னார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டுமின்றிப் புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே நிலைதான் என்று அவர்கள் பார்த்தார்கள். பாயசத்தில் பூனை வாய்வைக்கிறது என்றால் அதிலிருக்கும் பாலும் நெய்யும்தான் காரணம். வெறும் வெல்லப் பாகை நக்கிவிட்டு மகிழ்ச்சியாகப் போனது என்று எழுதினால், பூனை வளர்க்கிற எந்த வாசகருக்கும் கதை அந்த இடத்தில் அறுந்துபோகும். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பாகு வைத்ததாகத் தாமே சேர்த்துக்கொண்டாராம். தீபம் என்றால் பொரி உருண்டை வரவேண்டுமே என்று எழுதிவிட்டாராம். உண்மையில் ஆயா வைத்தது கசண்டுதான், அதுவும் விரல் நுனியளவு. கிண்ணத்தில் பால்கூட ஊற்றுவதில்லை. "பெரிய பூனைக்குப் பால் ஊத்தினா கழியும்" என்பாராம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்று கால்நடை மருத்துவர்கள் இன்று சொல்வதும் அதையேதான்.

அடுத்து அந்த இருபத்தைந்து வருடம். வீட்டோடு வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்கிற பூனை பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். தெருவில் திரிகிற பூனைக்கு அத்தனை ஆயுள் கிடைப்பது அரிது. "ஒரே பூனைதானா அம்மா?" என்று கேட்டேன். "ஆயா அதே பூனைன்னுதான் சொல்லுவாங்க" என்றார். சாம்பலில் கறுப்பு வரி போட்ட பூனைகள் அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு உண்டு. ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் சொல்ல முடியாது. பூனைக்குட்டி எதைத் தின்பது, எங்கே போவது என்பதைத் தாயின் பின்னாலேயே போய்ப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. அந்த வரிப்பூனை தன் குட்டியைக் கூட்டிவந்திருக்கும். அது தன் குட்டியைக் கூட்டிவந்திருக்கும். இருபத்தைந்து வருடத்தில் மூன்று தலைமுறையாவது அந்தத் துவைகல்லுக்கு வந்துபோயிருக்கும். ஆயாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தே 'அதே பூனை' என்று சொல்லியிருப்பார். அதனால் அந்த வரியைத் திருத்தவில்லை. இருபத்தைந்து வருடம் என்று எழுதியவர் சொன்னால் தப்பு, ஆயா வாயால் சொன்னால் சரி. எனவே அதை ஆயாவின் பேச்சாக மாற்றினோம்.

மற்ற நாளில் அது எங்கே இருந்தது என்றும் கேட்டேன். இரண்டு வீடு தள்ளி ஒரு மல்லாட்டைக் கிடங்காம். நிலக்கடலையை அந்தச் சீமையில் மல்லாட்டை என்பார்கள், மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. மூட்டை அடுக்கிய இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, பூனைக்கும் வயிற்றுக்குக் குறையில்லை. பசித்து அலைந்து வந்த பூனை இல்லை அது. வயிறு நிறைந்திருந்தும் அந்த வாசனைக்காக மட்டும் இரண்டு வீடு தாண்டி வந்து, சட்டி இறங்கும் வரை நகராமல் காத்திருக்கிறது. இந்தத் தகவல் கிடைத்ததும் கதையில் பூனைக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. பிச்சைக்கு வந்ததாக இருந்தது விருந்துக்கு வந்ததாக ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் வெகுநேரம் பேச்சு நடந்தது. முதல் கதையில் ஓரிடத்தில், அந்தப் பூனை செத்துப்போன தாத்தாவின் மறுபிறப்பு என்று இருந்தது. எடுத்துவிடலாம் என்று என் கை பென்சிலுக்குப் போனது. பிறகு அது எந்த ஊர்க் கதை என்று நினைத்துப் பார்த்தேன். ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். 1926இல் கன்றுக்குட்டியாக ஆசிரமத்துக்கு வந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஊருக்குள் ஒருவரிடம் விட்டுவைத்தார்கள். ஒருமுறை கூட்டிவந்து காட்டியதும், அடுத்த நாளிலிருந்து அது தானே வழி கண்டுபிடித்துத் தினமும் ரமணரைப் பார்க்க வந்துவிட்டு மாலையில் திரும்பிப் போனது. 1948 ஜூன் 18ஆம் தேதி அது இறந்தது. அன்று காலையில் ரமணர் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரே தமிழில் ஒரு வெண்பா எழுதினார். அந்தப் பசு கீரைப்பாட்டியின் மறுபிறவி என்று அன்பர்கள் பலர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். கீரைப்பாட்டி என்பவர் ரமணர் மலைமேல் இருந்த காலத்தில் அங்கே கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த மூதாட்டி. சோறு போட்டவருக்கும் வந்து நின்ற விலங்குக்கும் நடுவே இப்படி ஒரு முடிச்சுப் போட்டுப் பார்க்கிற மண் அது. அங்கே ஒரு பூனையைத் தாத்தா என்று யாராவது சொன்னால் அதை அடிக்க எனக்கு உரிமையில்லை.

அதனால் வேறொன்று கேட்டேன்: "ஆயா எப்பவாவது அப்படிச் சொன்னாங்களா?" உடனே பதில் வந்தது. "ஆயா சொல்ல மாட்டாங்க. அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. ஆயா கேட்டுட்டு, 'அவரு கசண்டு துன்னவே மாட்டாரே'ன்னுடுவாங்க." இப்போது கதையில் மறுபிறப்பு அக்கம்பக்கத்தார் வாயில் இருக்கிறது, அதற்கு ஆயாவின் பதிலும் இருக்கிறது. கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

நம் பக்கத்தில் பாட்டியும் பூனையும் என்றதும் ஞாபகம் வருகிற பழைய கதை ஒன்று உண்டு, உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். திவசத்தன்று பாலில் வாய் வைத்துவிடுமே என்று ஒரு பாட்டி பூனையைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்தாள். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி போனபின், வீட்டில் பூனையே இல்லாதபோதும், திவசம் என்றால் எங்கிருந்தாவது ஒரு பூனையைப் பிடித்துவந்து கவிழ்த்துவிட்டுத்தான் காரியம் ஆரம்பித்தார்கள். காரணம் போய் வழக்கம் மட்டும் நின்றுவிட்டதைக் கேலி செய்கிற கதை. கீழ்பென்னாத்தூர்க் கதையைத் திருத்தும்போது இது என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே பூனையை யாரும் பிடித்து வைக்கவில்லை. அதுவாக வருகிறது. காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். நாம்தான் அது பண்டிகைக்கு வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது வந்தது வெண்ணெய் உருகுவதற்காக.

இது தெரிந்த பிறகு அந்தக் கடைசித் தீபத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. "அந்த வருஷம் மாடு இருந்துதா?" என்று கேட்டேன். இல்லை. ஆவணியிலேயே விற்றுவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆயாவுக்கும் முடியவில்லை. தீபத்துக்குக் கடையிலிருந்து பாக்கெட் நெய் வந்தது. கத்தரித்து ஊற்றினால் ஆயிற்று, உருக்க ஏதுமில்லை, கசண்டும் இல்லை. ஆயா வழக்கம்போல நாலு மணிக்கு எழுந்து பின்வாசலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். பூனை வரவில்லை. வீட்டில் ஏதோ குறை வந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே மாடியேறி மேற்கே பார்த்துக் கும்பிட்டபோது ஆயா மட்டும் மேலே வரவில்லை. இருபது கிலோமீட்டருக்குள் இருப்பதால் அந்த ஊரில் மலைத்தீபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். அந்த வருடம் அகலைப் பேத்திதான் ஏற்றினார்.

மலைமேல் ஏற்றுகிற கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் என்று கணக்குச் சொல்வார்கள். ஊர் ஊராக அன்பர்கள் காணிக்கை கொடுத்துச் சேர்கிற நெய் அது. மாடு இருந்த வருடங்களில் ஆயாவும் தன் பங்குக்கு ஓர் ஆழாக்கு கொடுத்தனுப்புவாராம். அந்த வருடம் அதுவும் இல்லை. இதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் கதையில் ஆயா இறந்தது பூனை வராததால் என்பதுபோல இருந்தது. இப்போது மாடு போனதில் அந்த வீட்டிலிருந்து என்னென்ன கூடவே போயிற்று என்பது தெரிகிறது. அதை ஆயா ஒருவர்தான் உணர்ந்திருக்கிறார், ஆனால் அவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. கடைசிப் பக்கத்தை அவர் முழுக்கப் புதிதாக எழுதினார். அதில் நான் ஓர் எழுத்துகூடத் தொடவில்லை. ஆயாவின் மரணம் இப்போது கதையில் இல்லை. திறந்த பின்வாசலோடு நின்றுவிடுகிறது.

தலைப்புக்கு மட்டும் எனக்கு வேறோர் ஆசை இருந்தது. பூனைக்குப் 'பூசை' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கம்பர் தம் ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் போன பூனையைச் சொல்லும்போது அந்தப் பெயரைத்தான் ஆள்கிறார். மலையாளத்தில் இன்றும் பூச்ச. பண்டிகைக் காலையில் பூசைக்கு வருகிற பூசை என்று தலைப்பு வைக்கலாமே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா ஆயாவுக்கு அந்த வார்த்தை தெரியாதே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 'கசண்டு' என்றே வைத்தோம்.

கதைக்குப் படம் எடுக்க எங்கள் புகைப்படக் கலைஞரோடு நானும் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். வீடு இப்போது தளம் போட்ட வீடு. மல்லாட்டைக் கிடங்கு இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. துவைகல் மட்டும் பின்வாசலில் அப்படியே கிடக்கிறது. நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. எங்களுக்காக அவர் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கும் வீட்டில் சொல்லிவைத்து ஓர் உருண்டை வெண்ணெய் வாங்கி வைத்திருந்தார். கேஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, பழைய இரும்புச் சட்டியில் உருக்கினார். சடசட என்று ஆரம்பித்தது. நாங்கள் யாரும் பேசவில்லை. மெல்லச் சத்தம் அடங்கியது. முருங்கைக்கீரை விழுந்து பொரிந்தது. எல்லார் கண்ணும் பின்வாசல் பக்கம் திரும்பியது. கலைஞர் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதுவும் வரவில்லை.

அவர் சட்டியைச் சாய்த்து நெய்யை வடித்தார். ஆள்காட்டி விரலால் அடியில் கொஞ்சம் வழித்து, எழுந்து போய், துவைகல்லின் ஓரத்தில் தடவினார். "எங்க போவும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே வந்து கை கழுவி, சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து எங்களுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தார். என் உருண்டையில் இலை அதிகம் இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் வேறு ஏதோ விவரம் கேட்க அவரை அழைத்தேன். பேசி முடித்து வைக்கப்போகும்போது, "சார், கல்லுல வெச்சது காலியாயிடுச்சி" என்றார்.

"பூனையா வந்தது?"

"பூனையா எறும்பான்னு தெரியல சார். நான் போய்ப் பாக்கல."

அன்புடன்,
ஆசிரியர்